தவறான பார்சல் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

இணையத்தில் வாங்கிய பொருள் தவறாகவோ பழுதாகவோ வந்தால் அதன் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பதைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இழுபறி அடுத்த தொகையில்தான் தொடங்குகிறது. அந்தப் பொருளைத் திரும்பக் கட்டி, கூரியர் கடைக்கோ தபால் நிலையத்துக்கோ தூக்கிச் சென்று, வாங்கியவர் தன் கையிலிருந்து கொடுத்த பணம் அது. இருநூறு, முந்நூறு ரூபாய்தானே என்று பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். எண்ணூறு ரூபாய்ப் பொருளுக்கு இருநூறு ரூபாய் கூரியர் என்றால், விற்றவர் செய்த தவறுக்கு வாங்கியவர் கால் பங்கு விலையை இழக்கிறார் என்று பொருள். சிறு தொகை என்று ஒதுக்க அதில் எந்த நியாயமும் இல்லை.

பெரிய சந்தைத் தளங்களில் இந்தச் சிக்கல் குறைவு. தளத்தின் ஆளே வீட்டுக்கு வந்து பொருளை எடுத்துச் செல்வதால், வாங்கியவர் கையில் செலவு விழுவதில்லை. மூன்று இடங்களில்தான் அது விழுகிறது. வீட்டுக்கு வந்து எடுக்கும் வசதி இல்லாத பின்கோடுகளில் ‘நீங்களே அனுப்பிவிடுங்கள்’ என்று தளம் சொல்லும்போது ஒன்று. சொந்த இணையதளம் நடத்தும் சிறு நிறுவனத்திடம் வாங்கும்போது இரண்டாவது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகச் சேலை, பாத்திரம், நகை விற்பவர்களிடம் வாங்கும்போது மூன்றாவது. இந்த மூன்றிலும் செலவை முதலில் வாங்கியவர் கட்டுகிறார், பிறகு அதைத் திருப்பிக் கேட்க வேண்டிய நிலைக்கு வருகிறார்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் இணைய வணிகத்துக்கென்று தனி விதிகள் உள்ளன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலை 23 அன்று மின் வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. சந்தைத் தளத்தில் விற்பவரின் கடமைகளைச் சொல்வது அவற்றின் 6ஆம் விதி. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் அதில் இல்லை என்றாலோ, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பெற்ற பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ரிட்டன், ரீஃபண்ட் நிபந்தனைகளை, திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரம் உட்பட, தெளிவாகவும் எளிதில் கண்ணில் படும்படியும் அவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. சொந்தச் சரக்கைத் தானே நேரடியாக விற்கும் இணையதளங்களுக்கும் இதையொத்த கடமைகள் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செலவு விவரத்தைச் சொல் என்று விதி கட்டளையிடுகிறது. தவறான பொருள் வந்தால் அந்தச் செலவு விற்றவருடையதுதான் என்று நேரடியாக ஒரு வரி அதில் இல்லை. பிரிட்டனில் அந்த வரி உண்டு. அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நிராகரிக்கப்பட்ட பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான நியாயமான செலவை வணிகரே ஏற்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. கடையில் நேரில் வாங்கியதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு மட்டும்தான் விலக்கு. இந்திய விதிகளிலும் அப்படி ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தால் பாதிச் சண்டைகள் தொடங்கியிருக்கவே மாட்டா.

ஆனாலும் இந்திய வாங்குநர் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவருக்குத் துணையாக மிகப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். விவரம் சொல்லி விற்ற சரக்கு அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. இணையத்தில் பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்க முடியாது, படத்தையும் எழுத்தையும் நம்பியே வாங்குகிறோம். ஆகவே இணைய விற்பனை ஏறக்குறைய முழுவதும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறது. இதைவிட முக்கியமானது 43ஆம் பிரிவு. மறுக்கும் உரிமையுள்ள வாங்குநர் ஒரு சரக்கை ஏற்க மறுத்தால், அதை விற்றவரிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. ‘ஏற்கவில்லை’ என்று தெரிவித்தால் போதும். கூரியர் செலவு பற்றிய வாதம் முழுவதற்கும் அடித்தளம் இதுதான். பொருள் தவறானது என்றால் அதை எடுத்துச் செல்வது விற்றவர் வேலை. அந்த வேலையை அவர் சொல்லி வாங்கியவர் செய்து கொடுத்தால், அதற்கான செலவும் விற்றவருடையதே.

இதற்கு வலுச் சேர்ப்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை மீறியவர், அந்த மீறலால் இயல்பாக எதிர்த்தரப்புக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தவறான பொருளை அனுப்பினால் அதைத் திருப்பி அனுப்பச் செலவாகும் என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரிந்த விளைவு.

43ஆம் பிரிவில் ஒரு தளர்வும் இருக்கிறது. ‘வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் தவிர’ என்ற நிபந்தனையோடுதான் அது தொடங்குகிறது. அதனால்தான் சில இணையதளங்கள் ‘எல்லா ரிட்டன்களுக்கும் கூரியர் செலவு வாடிக்கையாளருடையது’ என்று எழுதி வைக்கின்றன. அந்த வரியைப் பார்த்ததும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புபவருக்கு அந்த நிபந்தனை பொருந்தும். இந்தியாவில் மனமாற்றத்துக்காகத் திருப்பித் தரும் சட்ட உரிமை பொதுவாகக் கிடையாது, அது கடைக்காரர் தானாகத் தரும் சலுகை. சலுகைக்கு அவர் செலவு விதிக்கலாம். பழுதான பொருளைத் திரும்ப எடுப்பது சலுகையல்ல, கடமை. பழுதான பொருளை எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ நடந்தால், நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019ஆம் ஆண்டுச் சட்டம் வகைப்படுத்துகிறது. திருப்பித் தரும் பணத்திலிருந்து கூரியர் செலவைக் கழித்துக்கொள்வது, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தர மறுப்பதேயாகும் என்று வாங்கியவர் வாதிட இங்கே இடமிருக்கிறது.

இந்த விதிகளுக்கு வெளியே நிற்பவர் ஒருவர் உண்டு. தொழிலாக இல்லாமல், தன் பழைய செல்போனையோ சைக்கிளையோ ஒருமுறை விற்கும் தனிநபரை மின் வணிக விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் தொடர்ந்து சேலை விற்பவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார். கடைப் பலகை இல்லை, பதிவு இல்லை என்பது அவருக்குக் காரணமாகாது.

காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டம்

ரிட்டன் கேட்கும்போது திரையில் காரணங்களின் பட்டியல் ஒன்று வரும். ‘தவறான பொருள் வந்தது’, ‘பழுதாக வந்தது’, ‘விவரத்தோடு பொருந்தவில்லை’, ‘பிடிக்கவில்லை’, ‘இனி தேவையில்லை’ என்பதுபோல் அதில் இருக்கும். அவசரத்தில் பலர் கடைசி இரண்டில் ஒன்றைத் தொட்டுவிடுகிறார்கள். ‘பழுது’ என்று தேர்ந்தெடுத்தால் படம் கேட்கிறது, விளக்கம் கேட்கிறது, ‘தேவையில்லை’ என்றால் ஒரே தட்டலில் முடிந்துவிடுகிறது என்பதும் அதற்குக் காரணம். அந்த ஒரு தட்டலில், விற்றவரின் தவறு வாங்கியவரின் மனமாற்றமாகப் பதிவாகிவிடுகிறது. பிறகு கூரியர் செலவைக் கேட்டால், ‘நீங்களே மனம் மாறித் திருப்பியதாகச் சொன்னீர்களே’ என்ற பதில் வரும். அதை உடைப்பது கடினம். படம் எடுத்துப் போடும் ஐந்து நிமிடச் சிரமத்தைப் பார்க்காமல் உண்மையான காரணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். தவறுதலாக மாறிவிட்டால் உடனே எழுத்தில் திருத்திச் சொல்ல வேண்டும்.

எழுத்து என்பதும் முக்கியம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர் ‘கூரியர் பில்லை அனுப்புங்கள், பணம் போட்டுவிடுகிறோம்’ என்று சொல்லியிருக்கலாம். பேச்சு முடிந்தபின் அதற்குச் சான்று இல்லை. அழைப்பு முடிந்த உடனே, அவர் சொன்னதை இரண்டு வரியில் மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ அவர்களுக்கே அனுப்பி வைத்தால் வாக்கு பதிவாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பழைய மிக்ஸியின் பெரிய ஜார் உடைந்துவிட்டது. வேறொரு மாவட்டத்தில் இருக்கும் சிறு விற்பனையாளரின் இணையதளத்தில், மிக்ஸியின் மாடல் பெயரைப் பார்த்து ஒன்றரை லிட்டர் ஜார் ஒன்றுக்கு ஆர்டர் போடுகிறார்கள். விலை 1,680 ரூபாய், டெலிவரி சார்ஜ் 90 ரூபாய், மொத்தம் 1,770. ஜார் வருகிறது. மூடி சரி, அளவு சரி, ஆனால் அடியிலுள்ள கப்ளர் மிக்ஸியில் உட்காரவில்லை. அது வேறு மாடலுக்கான ஜார்.

இந்த நிலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, எதையும் தூக்கி எறியாமல் இருப்பது. அட்டைப்பெட்டி, உள்ளே வைத்த தாள், மேலே ஒட்டிய முகவரிச் சீட்டு எல்லாம் சான்றுகள். முகவரிச் சீட்டில் இருக்கும் பார்சல் எண் தெரியும்படி ஒரு படம், ஜாரின் அடிப்பாகமும் மிக்ஸியின் மேற்பகுதியும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், ஜாரின் மீதோ பெட்டியிலோ அச்சிட்ட மாடல் எண்ணுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தால்தான் ஏற்போம் என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். எடுத்து வைத்திருந்தால் நல்லது, பொருள் மாறி வந்ததா என்ற சந்தேகத்துக்கே அது இடம் தராது. வீடியோ இல்லை என்பதற்காக மட்டும் உரிமை பறிபோய்விடாது. மற்றச் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தினால் அவையும் பேசும்.

அடுத்து, பொருளின் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புகார் வந்தபின் விற்பனையாளர் அந்தப் பக்கத்தில் ‘இந்த மாடலுக்குப் பொருந்தாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், ஆர்டர் போட்ட நாளில் என்ன எழுதியிருந்தது என்பதைக் காட்ட வேறு வழியில்லை. ரிட்டன் நிபந்தனைகள் உள்ள பக்கத்தையும் அதே நாளில் எடுத்து வைப்பது நல்லது.

தெரிவிப்பதில் காலதாமதம் கூடாது. ஏற்கவில்லை என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால், வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு கருதும். பொருந்துகிறதா என்று பார்க்கும் அளவுக்கு மட்டும் சோதிக்கலாம். ஜாரில் மசாலா அரைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்பது வேறு கதை.

குடும்பம் எழுதும் முதல் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம். இந்த மாதம் 4ஆம் தேதி உங்களிடம் மிக்ஸி ஜார் ஒன்றுக்கு ஆர்டர் செய்திருந்தோம். ஆர்டர் எண்ணும் படங்களும் இணைத்துள்ளோம். நேற்று வந்த ஜார் வேறு மாடலுக்கானது, எங்கள் மிக்ஸியில் பொருந்தவில்லை. ஆகவே இதை நாங்கள் ஏற்கவில்லை. உங்கள் செலவில் இதை எடுத்துக்கொண்டு, ஜார் விலையும் டெலிவரி சார்ஜும் சேர்த்து 1,770 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் ஊரில் பிக்கப் வசதி இல்லையென்றால், எந்தக் கூரியரில் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த பில் தொகையையும் நீங்களே தர வேண்டியிருக்கும். ஜாரைப் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருக்கிறோம்.”

இந்தச் செய்தியில் கோபம் இல்லை, தேவையான எதுவும் விடுபடவும் இல்லை. ‘ஏற்கவில்லை’ என்ற சொல் 43ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பு. ‘உங்கள் செலவில்’ என்பது பொருளை அனுப்புவதற்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. அனுப்பிய பிறகு செலவைக் கேட்பதற்கும், அனுப்பும் முன்பே சொல்லிவிட்டு அனுப்புவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. முன்பே சொன்னால், மறுப்பதாக இருந்தால் விற்பனையாளர் அப்போதே மறுக்க வேண்டும். மறுக்காமல் ‘அனுப்புங்கள்’ என்று சொன்னால் செலவையும் ஏற்றார் என்று வாதிட முடியும்.

பிக்கப் ஏற்பாடு செய்யும்படி முதலில் விற்பனையாளரிடமே கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தினமும் பார்சல் அனுப்பும் அவருக்குக் கூரியர் நிறுவனம் ஒப்பந்த விலை தரும். கடை வாசலில் நின்று ஒரே ஒரு பார்சல் அனுப்பும் குடும்பத்துக்கு முழு விலைதான். ஒரே பெட்டி, ஒரே தூரம், ஆனால் பில் வேறு. பிக்கப் ஏற்பாடு செய்வதுதான் விற்பனையாளருக்கே மலிவு.

விற்பனையாளர் பதில் தருகிறார்: அந்தப் பின்கோடில் பிக்கப் இல்லை, நீங்களே அனுப்புங்கள். இனி பில் எவ்வளவு வரும் என்பது பெட்டியைப் பொறுத்தது. பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் பார்சலின் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து ஒரு கன அளவு எடையைக் கணக்கிடுகிறார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். ஜார் வந்த பெட்டி 30, 20, 20 சென்டிமீட்டர் என்றால் பெருக்கல் 12,000, வகுத்தால் 2.4 கிலோ. அந்தப் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்த 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் பெருக்கல் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. ஜாரின் எடை ஒன்றரை கிலோதான், ஆனால் கட்டணம் மூன்று மடங்கு எடைக்குப் போடப்படும். அந்தக் கூடுதல் தொகையை விற்பனையாளர் மறுத்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாங்கியவர் கேட்க முடிவது நியாயமான செலவைத்தான். வந்த பெட்டியிலேயே, சாதாரண வேகச் சேவையில் அனுப்பினால் அந்தக் கேள்வியே எழாது. அவசரமில்லாத பொருளை மறுநாளே சேரும் விலையுயர்ந்த சேவையில் அனுப்பக் கூடாது.

குடும்பம் பழைய பெட்டியிலேயே அனுப்புகிறது. ஜிஎஸ்டி சேர்த்துப் பில் 270 ரூபாய். கூரியர் கடையில் தரும் வெப்பத் தாள் ரசீது சில வாரங்களில் வெளுத்துப்போகும் என்பதால், வாங்கியவுடன் அதைப் படம் எடுத்து வைக்கிறார்கள். பார்சல் எண்ணையும் பில்லையும் அன்றே விற்பனையாளருக்கு அனுப்புகிறார்கள். பொருள் சேர்ந்ததும் டெலிவரி ஆனதாகக் காட்டும் பக்கத்தையும் சேமிக்கிறார்கள். பவர் பேங்க் போன்ற லித்தியம் பேட்டரிப் பொருளாக இருந்தால் இவ்வளவு எளிதல்ல. தபாலும் பல கூரியர்களும் அவற்றைச் சாதாரணப் பார்சலாக ஏற்பதில்லை. அப்படிப்பட்ட பொருளுக்கு, எப்படி அனுப்புவது என்று விற்பனையாளரே எழுத்தில் வழி சொல்லும்வரை காத்திருப்பதே சரி.

ஒரு வாரம் கழித்து வங்கிக் கணக்கில் 1,680 ரூபாய் வருகிறது. ஜாரின் விலை மட்டும். அனுப்பிய டெலிவரி சார்ஜ் 90, திருப்பி அனுப்பிய 270 இரண்டும் வரவில்லை. நிலுவை 360 ரூபாய்.

விற்பனையாளர் சொல்லும் பதில்கள்

நிலுவையைக் கேட்டால் வரும் முதல் பதில் பெரும்பாலும் ‘ஷிப்பிங் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்பதுதான். 90 ரூபாய் பற்றிய பதில் எளிது. சரியான பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் அந்தப் பணம் கொடுக்கப்பட்டது, சரியான பொருள் வரவில்லை. 270 ரூபாய்க்கு முன்பு சொன்ன இரண்டு சட்டங்களே பதில். ஆர்டர் போடும் முன் பார்க்கக்கூடிய இடத்தில், தவறான பொருளுக்கும் கூரியர் செலவு வாடிக்கையாளருடையது என்று அவர் தெளிவாக எழுதியிருந்தாரா என்று கேட்கலாம். எழுதவில்லை என்றால் அவர் 6ஆம் விதியின் கடமையையே செய்யவில்லை.

இரண்டாவது பதில் சமாதானம்போல் வரும். ‘360 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம், அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். வாங்கியவர் கட்டியது பணம். ஒருமுறை தவறான பொருள் அனுப்பியவரிடம் மறுபடி வாங்கினால்தான் அந்தப் பணம் கிடைக்கும் என்பதை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மனமிருந்தால் ஏற்கலாம். ஏற்றபின் ரொக்கமாகக் கேட்பது கடினம்.

மூன்றாவது பதில், ‘நிறுவனத்தின் சேவை மையத்தில் காட்டுங்கள்’ என்பது. தவறான மாடல் வந்ததற்கு இது பொருந்தவே பொருந்தாது. பழுதான மின்சாதனமாக இருந்தால் சேவை மையத்துக்குப் போவதில் ஒரு பயன் உண்டு. பொருள் வந்தபோதே இயங்கவில்லை என்று அவர்கள் எழுதித் தரும் சான்று, தவறு யாருடையது என்ற கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும். உற்பத்தியாளரின் வாரண்டி, விற்றவரின் பொறுப்பை நீக்கிவிடாது.

கடைசியாக வரக்கூடியது, ‘திரும்பி வந்த பொருள் நாங்கள் அனுப்பியது அல்ல’ என்ற குற்றச்சாட்டு. இதற்காகத்தான் பெட்டியை மூடும் முன் உள்ளே பொருள் இருப்பதையும், கூரியர் ரசீதில் எடையையும் படம் எடுக்கச் சொல்வது. ஒன்றரை கிலோ ஜார் அனுப்பியதாக ரசீது சொன்னால், காலிப் பெட்டி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தத் தருணத்தில் இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. ரீஃபண்டுக்காக இணையத்தில் தேடிக் கிடைத்த ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணை அழைப்பவர்களை மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். பணம் போடுவதாகச் சொல்லி ஒரு இணைப்பை அனுப்பி, யுபிஐ பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் பெற பின் எண் தேவையே இல்லை, பணம் அனுப்பத்தான் தேவை. தொடர்பு எண்ணை பில்லிலிருந்தோ ஆர்டர் வந்த மின்னஞ்சலிலிருந்தோ மட்டும் எடுக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்

ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகாரை அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று விதி காலக்கெடு வைத்திருக்கிறது. 360 ரூபாய் கேட்கும் அடுத்த கடிதம் அவருக்கே போக வேண்டும். அதில் மூன்று தொகைகளும் தனித்தனியாக இருக்கட்டும்: கட்டியது 1,770, திருப்பி அனுப்பச் செலவு 270, வந்தது 1,680. பில்லும் படங்களும் இணைந்திருந்தால் அவர் மறுபடி விவரம் கேட்டு நாள் கடத்த முடியாது. சந்தைத் தளத்தில் வாங்கியிருந்து, உண்மையில் விற்றவர் யாரென்றே தெரியவில்லை என்றால், எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரி, மின்னஞ்சல் போன்ற விவரங்களைத் தளம் தர வேண்டும்.

கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கி வழியாகச் சார்ஜ்பேக் கேட்கும் வழியும் உண்டு. அது அந்தக் கார்டு பரிவர்த்தனையின் தொகைக்குள் மட்டுமே நடக்கும். பொருள் விலை வராமல் இருந்தால் உதவும், கூரியர் கடையில் தனியாகக் கட்டிய 270 ரூபாயை அதன் வழியே பெற முடியாது.

குறைதீர் அலுவலரும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். உதவி மையத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வாங்கிக் கொடுக்கும். வழக்குக்கு முந்தைய சமரச வழி என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெயருள்ள நிறுவனங்களிடம் இது பலன் தருவதற்கு வாய்ப்பு அதிகம். பதிவோ முகவரியோ இல்லாத சிறு விற்பனையாளரிடம் குறைவு.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி, வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் தென்காசிக் குடும்பம் அங்கே போக வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம், வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதிடலாம், கேட்டுக்கொண்டால் காணொலி வழியாக விசாரணையில் பங்கேற்கவும் சட்டம் இடம் தருகிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

360 ரூபாய்க்காக ஆணையம்வரை போவதா என்பது ஒவ்வொருவரும் தம் நேரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. போவதென்றால் மனுவில் 360 ரூபாயை மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. விலையைத் திருப்பித் தரச் சொல்வதோடு, இழப்புக்கு ஈடும் வழக்குச் செலவும் தரச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கேட்காத தொகையை எதிர்பார்க்க முடியாது. ஆணையத்துக்குப் போவதற்கு முன், நிலுவைத் தொகையையும் இணைப்புகளையும் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, பில்லில் உள்ள முகவரிக்கு ஒரு நோட்டீஸ் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்வது நல்லது. வழக்கு நடத்துவதைவிட நிலுவையைக் கொடுத்துவிடுவது மலிவு என்று விற்பனையாளர் கணக்குப் போடுவதற்கு அந்த நோட்டீஸே போதுமானதாக அமையலாம்.